மூன்று மாத அளவு 8.9, வீட்டு மெஷினில் எல்லாம் நல்ல எண். ஒட்டுக்கடையில் எங்கே தப்பு நடக்கிறது?

செம்பனை_லோரி (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். வயது 52, தோட்டத்திலிருந்து மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். இனிப்பு நீர் நோய் வந்து சில வருஷம் ஆகிறது. மெட்ஃபோர்மின் மட்டும்தான், ஊசி இல்லை.

போன வாரம் கிளினிக்கில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.9 என்று சொன்னார்கள். இதே போனால் இன்னொரு மாத்திரை சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். எனக்குப் புரியாதது இதுதான். வீட்டில் மெஷின் இருக்கிறது, சோம்பல் இல்லாமல் பார்க்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் 6.5, 6.8 இப்படி. பசியாறி இரண்டு மணி நேரம் கழித்து 9.4 பக்கம். கொஞ்சம் கூடத்தான், ஆனால் 8.9 வருகிற அளவுக்கு இல்லையே?

சாப்பாடு பெரும்பாலும் வெளியேதான். காலை ஆறரைக்கு ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் இரண்டு, பருப்புக் கறி, தே தாரேக் குராங் மானிஸ், அதாவது இனிப்பு குறைவாக. பத்து மணிக்கு மில் வாசலில் வரிசையில் நிற்கும்போது பக்கத்துக் கடையில் இன்னொரு தே. மதியம் சோறு. நாலு மணிக்கு தே, கூடவே பிசாங் கோரேங் இரண்டு மூன்று. இரவு மட்டும் வீட்டில். தேயில் சீனி போடச் சொல்வதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. மெஷின் கெட்டுவிட்டதா, கிளினிக் எண் தப்பா?

கம்போங்_மாமா

தம்பி, மெஷினும் சரி, கிளினிக்கும் சரி. எமன் அந்த ரொட்டி சானாய்தான். மைதா, மார்ஜரின், எண்ணெய். தோசைக்கு மாறுங்கள், அரிசியும் உளுந்தும் நம்ம உடம்புக்குப் பழகியது. தே தாரேக்கை விட்டு தே சி குடியுங்கள். அதில் டின் பால் இல்லை, சீனி சேராது. நான் அப்படித்தான் குடிக்கிறேன். இனிப்பு வேண்டுமென்றால் குலா மெலாக்கா போட்ட பலகாரம் எடுங்கள், வெள்ளைச் சீனி மாதிரி ஏறாது.

சாந்தி_பீடோங்

மெஷின் சந்தேகம் என்றால் கிளினிக்கில் இரத்தம் எடுக்கும் அன்றைக்கு மெஷினையும் கொண்டு போய் அதே நேரத்தில் குத்திப் பாருங்கள் அண்ணே. ஸ்ட்ரிப் டப்பா திறந்தே கிடந்தாலும் லோரி டேஷ்போர்டு வெயிலில் வைத்தாலும் எண் கெடும். இன்னொன்று, இரத்தசோகை இருந்தால் மூன்று மாத அளவு உண்மையைக் காட்டாமல் போகலாம். எனக்கு அப்படி ஒரு தடவை ஆகி டாக்டரே சொன்னார்.

முன்னாள்_எம்ஏ (மருத்துவ உதவியாளர், தோட்டத்து டிஸ்பென்சரி, பிறகு சுகாதார கிளினிக், இப்போது ஓய்வு)

சாந்தி சொன்ன இரண்டும் பார்க்க வேண்டியவை. ஆனால் இந்தத் தம்பியின் கதையில் மெஷினைக் குற்றம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

மூன்று மாத அளவு 8.9 என்றால் இரவு பகல் எல்லாம் சேர்த்துச் சராசரி ஏறக்குறைய 11.6 என்று அர்த்தம். நீங்கள் பார்ப்பதோ ஒரு நாளில் இரண்டு நேரம்தான், இரண்டிலும் 11.6க்குக் கீழே. அப்படியென்றால் நீங்கள் பார்க்காத நேரங்களில் அது 13, 14, 15 என்று போய்க்கொண்டிருக்க வேண்டும். வேறு வழியில்லை, சராசரி எங்கிருந்தாவது வந்தாக வேண்டுமே.

எங்கே என்று உங்கள் சாப்பாட்டைப் படித்தாலே தெரிகிறது. வெறும் வயிற்றில் தே குடித்தால் அதிலிருக்கும் சீனி மெல்ல வேண்டிய பொருள் இல்லை, நேரே இறங்கிவிடும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டாவது மணி நேரத்தில் இறங்க ஆரம்பித்திருக்கும். ரொட்டி சானாய் இதற்கு நேர் எதிர். எண்ணெய் நிறைய இருப்பதால் வயிறு அதை மெதுவாகத்தான் வெளியே விடும். மாவு முழுவதும் இரத்தத்தில் சேர மூன்று, நாலு மணி நேரம் பிடிக்கும். நீங்கள் இரண்டு மணி நேரத்தில் குத்தும்போது தேயின் உச்சம் முடிந்திருக்கும், ரொட்டியின் உச்சம் இன்னும் வந்திருக்காது. நடுவில் கிடைக்கிற எண்தான் அந்த 9.4. பத்து மணிக்கு ரொட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது அதன் தலைமேல் இன்னொரு தே ஊற்றுகிறீர்கள்.

இப்போது அந்த தே. சீனி போடச் சொல்வதில்லை என்கிறீர்கள், சரி. ஆனால் தே தாரேக்கில் சீனி பெரும்பாலும் தனியாக விழுவதில்லை, பாலோடு சேர்ந்து விழுகிறது. கடை டின்னை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கிரிமர் மானிஸ் என்று இருக்கும். பாமாயில் சேர்த்துச் செய்தது, எடையில் ஏறக்குறைய பாதி சீனி. ஒரு மேசைக்கரண்டி போட்டால் இரண்டு தேக்கரண்டி சீனி உள்ளே போனதாக வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் கிளாஸில் இரண்டு மூன்று கரண்டி. குராங் மானிஸ் என்றால் ஒன்றரை, இரண்டு. அதாவது நாள் ஒன்றுக்கு மூன்று கிளாஸில் பத்துத் தேக்கரண்டி சீனி, சீனி டப்பாவைத் தொடாமலேயே.

மாமாவுக்கு ஒரு திருத்தம். தே சியில் டின் பால் வேறு, அது சீனி சேர்க்காத சுசு சாயிர், அது உண்மை. ஆனால் கடையில் வெறும் தே சி என்று சொன்னால் அதில் சீனி போட்டுத்தான் தருவார்கள். தே சி கோசோங் என்று சொன்னால்தான் சீனி இருக்காது. குலா மெலாக்காவும் சீனிதான், வாசனை நல்ல வாசனை, அவ்வளவுதான்.

ஒட்டுக்கடை_மகன்

எங்க அப்பா கடை போட்டு இருபது வருஷத்துக்கு மேல். கடைக்காரர்களைக் குறை சொல்கிறீர்களோ என்று முதலில் கோபமாகத்தான் படித்தேன். கடைசி வரை படித்த பிறகு சொல்கிறேன், எம்ஏ ஐயா சொன்னது சரி. உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலை ஆறிலிருந்து எட்டு வரை கூட்டம். தே கலக்குகிறவர் பத்துப் பன்னிரண்டு கிளாஸை வரிசையாக வைத்து எல்லாவற்றிலும் டின் பாலை முன்கூட்டியே ஊற்றி வைத்துவிடுவார். ஆர்டர் வந்ததும் தேத்தண்ணியை ஊற்றி இழுப்பதுதான் வேலை. அந்த நேரத்தில் நீங்கள் வந்து குராங் மானிஸ் என்றால், ஊற்றி வைத்த பாலைத் திரும்ப எடுக்க முடியாது. தேத்தண்ணி கொஞ்சம் கூட ஊற்றித் தருவார், சில பேர் அதுவும் செய்ய மாட்டார்கள். குடிக்கிறவருக்குக் கசப்பு கூடுவதால் சீனி குறைந்தது போலத் தெரியும், பாலின் அளவு அதேதான்.

கோசோங் கேட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. அதற்குக் காலிக் கிளாஸ்தான் எடுத்தாக வேண்டும். ஆனால் வெறுமனே தே கோசோங் என்று சொல்லாதீர்கள். ஒரு கடையில் அதற்குப் பால் இல்லாத தே வரும், இன்னொரு கடையில் டின் பால் போட்டு சீனி மட்டும் இல்லாமல் வரும். பால் வேண்டாம் என்றால் தே ஓ கோசோங், பால் வேண்டும் என்றால் தே சி கோசோங், முழுசாகச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று எந்த டின்னைச் சாய்க்கிறார்கள் என்று பாருங்கள். கெட்டியாக நூல் மாதிரி இறங்கினால் இனிப்புப் பால். தண்ணியாக ஊற்றினால் சுசு சாயிர். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

கோப்பி குடிக்கிறவர்களுக்கு ஒன்று. நம்ம ஊர் கோப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துத்தான் வறுப்பார்கள், அந்தக் கறுப்பு அதில் வருவது. கோப்பி ஓ கோசோங்கிலும் லேசாக ஏதோ இருக்கும். ஆனால் டின் பாலோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. மைலோவுக்குக் கோசோங் சொன்னாலும் இனிப்பு முழுசாகப் போகாது, மாவிலேயே இருக்கிறது.

சாந்தி_பீடோங்

இதைப் படித்து எல்லாரும் நாளைக்கே கோசோங்குக்கு மாறுவதற்கு முன்னால் என் கதையைக் கேளுங்கள். நான் எடுப்பது கிளிக்லாஸைட். கடைச் சாப்பாட்டைக் குறைக்கிறேன் என்று காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு ஒரே ஒரு தோசை, தே ஓ கோசோங், அப்படியே ஃபேக்டரிக்குப் போனேன். பதினொரு மணிக்குக் கை நடுங்கி வியர்த்து, கண் மங்கி, சூப்பர்வைசர் பிடித்து உட்கார வைத்தார். குத்திப் பார்த்தால் 3.1. கேண்டீனில் யாரோ தே தாரேக் வாங்கிக் கொடுத்தார்கள், சீக்கிரம் தெளியவே இல்லை.

முன்னாள்_எம்ஏ

சாந்தி இதைச் சொன்னது நல்லது. அது மாத்திரை செய்த வேலை. கிளிக்லாஸைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பழைய சாப்பாட்டு அளவுக்கு ஏற்ற டோஸில் இருப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் பாதியாக்கினால் கீழே விழும். அவர்கள் கிளினிக்கில் சொல்லிவிட்டு, டோஸைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் மாற வேண்டும். லோரித் தம்பிக்கு மெட்ஃபோர்மின் மட்டும் என்பதால் அந்தப் பயம் மிகக் குறைவு.

3.9க்குக் கீழே போனால் தே தாரேக் தேடாதீர்கள், கொழுப்பு சேர்ந்ததால் தாமதமாகும். கடையில் பச்சைத் தண்ணியில் மூன்று தேக்கரண்டி சீனி கலக்கச் சொல்லிக் குடியுங்கள். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி குத்துங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு கொஞ்சம் சாப்பிடுங்கள்.

செம்பனை_லோரி

ஐயா சொன்ன நேரங்களில் குத்திப் பார்த்தேன். பாதி நம்பாமல்தான் செய்தேன்.

ஒரு நாள் வழக்கம் போல ரொட்டி இரண்டு, தே. ஆனால் பத்து மணி தேயை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். எட்டரைக்கு 9.3. பத்து மணிக்கு 12.4! வாயில் ஒன்றும் போடாமல் ஏறியிருக்கிறது. இன்னொரு நாள் நாலு மணிக்குத் தே மட்டும், பலகாரம் இல்லை. குடிப்பதற்கு முன் 8.6, முக்கால் மணி நேரத்தில் 13.5, இரண்டு மணி நேரத்தில் 9.5. அந்தக் கடைசி எண்ணை மட்டும் பார்த்திருந்தால் தே ஒன்றும் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணியிருப்பேன்.

பிசாங் கோரேங் சாப்பிட்ட நாள் ஒரு தடவை 19.8 காட்டியது, பயந்துவிட்டேன்.

முன்னாள்_எம்ஏ

19.8 பார்த்த அன்று கையைக் கழுவினீர்களா? பழத்தின் இனிப்பு விரலில் ஒட்டியிருந்தால் அந்தத் துளி இரத்தத்தில் கலந்து எண்ணைத் தாறுமாறாக ஏற்றிவிடும். டிஷ்யூவில் துடைத்தால் போதாது, தண்ணியில் கழுவி நன்றாகக் காய வைத்துக் குத்துங்கள். தண்ணி இல்லாத இடத்தில் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை எடுங்கள்.

சரி, இனி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதலில் மூன்று தேயும் தே சி கோசோங். சுசு சாயிரிலும் பாலுக்கே உரிய இனிப்பு கொஞ்சம் உண்டு, ஒரு கிளாஸில் அது சின்ன அளவுதான். அது பழகிய பிறகு ரொட்டியைத் தொடுவோம். இரண்டுக்குப் பதில் ஒன்று, கூட அரைவேக்காட்டு முட்டை இரண்டு, பருப்புக் கறியைக் குடிக்கிற அளவுக்கு ஊற்றிக்கொள்ளுங்கள். வயிறும் நிறையும்.

நாலு மணிப் பலகாரத்தை நிறுத்தச் சொல்லப் போவதில்லை, நிறுத்த மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் பழுத்த பழத்தை மாவில் முக்கிப் பொரித்ததும், கடலைப் பருப்பை அரைத்துத் தட்டிய வடையும் ஒரே எண்ணெய்ச் சட்டியில் வெந்தாலும் இரத்தத்தில் ஒன்றில்லை. பருப்பு வடை ஒன்றோ இரண்டோ, அல்லது கச்சாங் பூத்தே வண்டியில் கொண்டைக் கடலை, அவித்த நிலக்கடலை. சீனியில் புரட்டிய கடலையைக் கையில் திணிப்பார்கள், அது வேண்டாம்.

கம்போங்_மாமா

எல்லாம் சரி, என் தோசையை யாருமே பேசவில்லையே. ரொட்டியை விட தோசை மேலா இல்லையா? எண்ணெய் குறைவுதானே.

முன்னாள்_எம்ஏ

மாமா, எண்ணெய் குறைவு என்பது இருதயத்துக்கு நல்லது, அதில் சண்டை இல்லை. சர்க்கரைக்கு வந்தால் தோசை பெரும்பாலும் அரிசி. அரைத்துப் புளித்த மாவு சீக்கிரம் ஏறும். மூன்று தோசை ரொட்டியை விடக் குறைவாக ஏற்றும் என்று நான் சொல்ல மாட்டேன்.

செம்பனை_லோரி

நான் பார்த்துவிட்டேன் ஐயா. தே சி கோசோங், தோசை இரண்டு, சாம்பார், சட்னி. ஒரு மணி நேரத்தில் 12.0, இரண்டு மணி நேரத்தில் 9.8, பத்து மணிக்கு 7.9. அதே கோசோங், ரொட்டி ஒன்று, முட்டை இரண்டு: ஒரு மணி நேரத்தில் 8.8, இரண்டில் 9.1, பத்து மணிக்கு 9.6. எது நல்லது என்றே தெரியவில்லை. ஒன்று மலை மாதிரி ஏறி இறங்குகிறது, ஒன்று ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

முன்னாள்_எம்ஏ

ஏறி இறங்குவது மோசமா, கொஞ்சமாக ஏறி நெடுநேரம் நிற்பது மோசமா என்று கேட்டால் என்னிடம் ஒரே வரியில் பதில் இல்லை. இரண்டுமே பழைய 12.4ஐ விட நல்லது. தோசை நாளில் ஒரு முட்டை சேர்த்து, சாம்பாரில் இருக்கும் பருப்பையும் காயையும் முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு தோசையைப் பிய்த்துப் பாருங்கள், அந்த 12 கொஞ்சம் தணியும். சாப்பிட்டதும் லோரியில் ஏறாமல் பத்து நிமிஷம் நடந்தாலும் தணியும்.

சாந்தி_பீடோங்

பாசார் மாலாமில் புத்து மாயாம் வாங்குவேன், அதை விட முடியாது. இப்போது கூட வரும் சீனிப் பொட்டலத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, தேங்காய்ப்பூ மட்டும் வாங்கி வந்து வீட்டுப் பருப்புக் கறியோடு சாப்பிடுகிறேன். இடியாப்பம் இடியாப்பம்தான், ஏறத்தான் செய்கிறது. ஆனால் சீனியோடு சாப்பிட்டபோது பார்த்த எண் இல்லை.

ஒரு கேள்வி. கோசோங் எனக்கு இறங்கவே மாட்டேன் என்கிறது. பையில் ஸ்டீவியா பொட்டலம் வைத்துக்கொண்டு கடைத் தேயில் போட்டுக்கொள்கிறேன். அது கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது.

முன்னாள்_எம்ஏ

2023இல் வந்ததைச் சொல்கிறார்கள். உடல் எடையைக் குறைக்கவோ நோய் வராமல் தடுக்கவோ ஸ்டீவியா மாதிரி இனிப்புகளை நம்ப வேண்டாம் என்பதுதான் அது. ஏற்கெனவே இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் அந்த வரியை வெட்டிவிட்டார்கள். ஒன்றிரண்டு பொட்டலத்துக்குப் பயப்பட வேண்டாம். சில பிராண்டில் சீனியும் கலந்திருக்கும், பின்னால் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

கம்போங்_மாமா

நான் இன்று காலை கடையில் கேட்டேன். இத்தனை நாள் நான் குடித்த தே சியில் இரண்டு கரண்டி சீனி போட்டிருக்கிறானாம். கேட்டால், "மாமா கோசோங்னு சொல்லவே இல்லையே" என்கிறான். தோசை விஷயத்தில் மட்டும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒட்டுக்கடை_மகன்

மாமா, அவன் மேல் தப்பு இல்லை லா. தே சி என்றால் எங்கள் கடையிலும் அப்படித்தான்.

செம்பனை_லோரி

மூன்று தேயும் மாறிவிட்டது. நாலு மணிக்கு வடை இரண்டோடு ஒரு மணி நேரத்தில் 9.4 காட்டுகிறது, முன்பு தே மட்டும் குடித்தாலே 13.5. மதியச் சோற்றை இன்னும் தொடவில்லை, கடையில் அவர்களே அள்ளிப் போடுகிறார்கள், பாதி போடச் சொன்னாலும் அதே காசுதான் வாங்குகிறார்கள். ஸ்ட்ரிப்பும் சும்மா வருவதில்லை. சோற்றுக்கு எத்தனை மணி நேரத்தில் குத்தினால் ஒரே ஸ்ட்ரிப்பில் தெரியும் ஐயா?

முன்னாள்_எம்ஏ

குழம்பு, காய், மீன் என்று சாதாரணமாகச் சாப்பிட்டால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நாசி லெமாக், நெய்ச் சோறு, பிரியாணி என்றால் மூன்று. இப்போதே கிளினிக்குக்கு ஓடி மூன்று மாத அளவைப் பார்க்காதீர்கள், பழைய தேயெல்லாம் இன்னும் அதில் இருக்கும். டாக்டர் கொடுத்த தேதிக்கே போங்கள். இந்த எண்களை நேரம் போட்டு எழுதி எடுத்துக்கொண்டு போனால் மாத்திரை சேர்ப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யச் சுலபமாக இருக்கும்.